ஆறு ஏக்கர் வயலும் ‘சமமாக’ என்ற ஒரு சொல்லும்

கேள்வி: ஐயா, நான் முள்ளியவளையில் இருக்கும் ஆசிரியை. அப்பா 2012 இல் நொத்தாரிசு முன்னிலையில் தமிழில் மரணசாதனம் எழுதிவைத்துவிட்டுப் போன வருடம் காலமானார். கனடாவில் அண்ணாவோடு இருந்த காலத்தில் அவர் திறந்த வங்கிக்கணக்கு ஒன்று இருப்பதால், அங்குள்ள சட்டத்தரணி மரணசாதனத்தை ஆங்கிலத்தில் கேட்கிறார். ரொறன்ரோவில் உள்ள மச்சான் ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார். ஆறு ஏக்கர் வயலை “என் மகனுக்கும் காலஞ்சென்ற மூத்த மகளின் பிள்ளைகளுக்கும் சமமாக” என்று அப்பா எழுதியதை அவர் “நான்கு சம பங்குகளாக” என்று போட்டிருக்கிறார். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். வீட்டை “மனைவிக்கும் பின்னர் மகளுக்கும்” என்கிறார். ‘மருமகன்’ என்பதை மகளின் கணவர் என்று எழுதியிருக்கிறார். அப்பா எழுதிய அந்த மருமகன் எங்கள் அத்தையின் மகன். “ஆங்கிலம் தெளிவாகத்தானே இருக்கிறது, விடு” என்கிறார் அண்ணா. இதை நானே திருத்தி எழுதலாமா? எப்படி எழுதினால் ஒருவருடைய பங்கும் மாறாது? மரணசாதனத்தின் பிரதியையும் மச்சானின் ஆங்கிலத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்:

அன்பின் சகோதரி,

நீங்கள் அனுப்பிய இரண்டையும் அருகருகே வைத்துப் பந்தி பந்தியாக வாசித்தேன். உங்கள் மச்சானின் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். ஆனால் வயலைப் பற்றிய மூன்றாம் பந்தியில் அவர் மொழிபெயர்க்கவில்லை, தீர்ப்பளித்திருக்கிறார். அப்பாவின் வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்கின்றது. அண்ணாவை ஒரு பக்கமாகவும் அக்காவின் பிள்ளைகள் மூவரையும் சேர்த்து மறுபக்கமாகவும் வைத்துப் பாதிபாதியாகப் பிரித்தால், அண்ணாவுக்கு மூன்று ஏக்கரும் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு ஏக்கரும் வரும். நால்வரையும் ஒரே வரிசையில் வைத்துத் தலைக்கணக்கில் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஏக்கர் வரும். முதலாவது முறையில் அக்காவின் பிள்ளைகள் தாயின் இடத்தில் நின்று தாயின் பங்கை வாங்குகிறார்கள். இரண்டாவது முறையில் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் வாங்குகிறார்கள். ‘நான்கு’ என்ற ஒரு சொல்லால் அண்ணாவின் ஒன்றரை ஏக்கர் கைமாறிவிட்டது. அண்ணா அதை உணர்ந்துதான் விடச் சொல்கிறாரோ, உணராமல் சொல்கிறாரோ எனக்குத் தெரியாது. மருமக்களுக்குத் தன் பங்கில் ஒரு பகுதியைக் கொடுக்க அவர் விரும்பினால், அதற்கு நன்கொடை உறுதி இருக்கிறது. அப்பாவின் மரணசாதனத்தின் ஆங்கிலப் பிரதி அதற்கான இடமல்ல.

அப்பா எதை நினைத்தார் என்று குடும்பத்துக்குள் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். இரண்டில் எது சரி என்பதை, முழு மரணசாதனத்தையும் வாசித்து நீதிமன்றம் சொல்லும், அல்லது உரியவர்கள் எல்லோரும் கூடி எழுத்தில் இணங்குவார்கள். தமிழில் திறந்திருக்கும் கதவு ஆங்கிலத்திலும் அதே அளவுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே மொழிபெயர்ப்பாளரின் கடமை. சொல்வதற்கு இலகுவான இந்தக் கடமை செய்யும்போது கடினமாகிவிடுகிறது, ஏனென்றால் தமிழ் கேட்காத கேள்விகளை ஆங்கில இலக்கணம் கேட்கும்.

அந்தக் கேள்விகள் எவை என்று இந்த ஒரே வாக்கியத்தில் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் பங்கு பிரிப்பதைச் சொல்ல முதலில் வாயில் வரும் சொற்கள் ‘பிற்வீன்’, ‘அமங்’ என்ற இரண்டு. வழக்கமான ஆங்கிலத்தில் முதலாவது இரண்டு தரப்புக்கு இடையில் பிரிப்பதையும், இரண்டாவது இரண்டுக்கு மேற்பட்டவர்களுக்குள் பிரிப்பதையும் நினைவூட்டும். ஆகவே முதலாவதைப் போட்டால் வயல் பாதிபாதியாகிறது. இரண்டாவதைப் போட்டால் நாலாகிறது. தமிழில் ‘மகனுக்கும் பிள்ளைகளுக்கும்’ என்ற உருபு இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ‘ஈச்’ என்ற சொல்லும் அப்படியே. அது தலைகளை எண்ணத் தொடங்கிவிடும். ‘ரெஸ்பெக்ரிவ்லி’ என்ற சொல்லைச் சிலர் அழகுக்காகச் சேர்ப்பார்கள். அது இரண்டு குழுக்களை உண்டாக்கிவிடும். சட்டம் படித்த மொழிபெயர்ப்பாளர்கள் ‘பெர் ஸ்ரேர்ப்பீஸ்’ என்ற இலத்தீன் தொடரை எழுதிவிடுவதையும் கண்டிருக்கிறேன். தாய்வழிப் பங்காகப் பிரிக்கவேண்டும் என்று அறுதியிட்டுச் சொல்லும் தொடர் அது. அப்பா அப்படிச் சொல்லவில்லை.

‘டு’ என்ற சின்னஞ்சிறு சொல்லிலும் இதே இடர் உண்டு. தமிழில் நான்காம் வேற்றுமை இரண்டு பெயர்களிலும் வந்தே ஆகவேண்டும். ‘மகன் மற்றும் பிள்ளைகளுக்கு’ என்பது அக்கால நொத்தாரிசு நடையே அல்ல. ஆகவே தமிழில் உருபு இரண்டு தடவை வருவதில் எந்தச் செய்தியும் இல்லை. ஆங்கிலத்திலோ அந்தச் சொல்லை இரண்டாம் முறை எழுதுவதும் விடுவதும் எழுதுபவரின் விருப்பம். விருப்பம் என்பதால், இரண்டாம் முறை எழுதியிருப்பதைக் கண்ட சட்டத்தரணி, இவர் இரண்டு தரப்பாகப் பிரித்திருக்கிறார் என்று வாதிட இடமுண்டு. நான் எழுதுவதாயின் அந்தச் சொல்லை ஒருமுறை மட்டும் வைத்து, ‘டு மை சன் அண்ட் த சில்ட்ரன் ஒவ் மை டிசீஸ்ட் எல்டர் டோட்டர், ஈக்குவலி’ என்று எழுதுவேன். அதன்மேல் ஓர் எண்ணிட்டு, பக்கத்தின் அடியில் இவ்வளவும் சொல்வேன்: மூலத்தில் உள்ள சொல் ‘சமமாக’ என்பதாகும், பகிர்வு இரு தரப்புக்கிடையிலா ஆட்களுக்கிடையிலா என்பதை மூலம் கூறவில்லை, மொழிபெயர்ப்பும் கூறவில்லை. அடிக்குறிப்பு இதைத் தாண்டிப் போகக்கூடாது. இரண்டு பொருளில் எது பொருத்தம் என்று அதில் ஒரு வரி சேர்த்தாலும், உங்கள் மச்சான் செய்ததையே நானும் கொஞ்சம் மரியாதையாகச் செய்தவனாவேன்.

இன்னொரு நுணுக்கம் உங்கள் அப்பாவின் மரணசாதனத்திலேயே இருக்கிறது; அதை மச்சானின் ஆங்கிலம் அழித்துவிட்டது என்பதே என்னை அதிகம் வருத்தியது. நகைகளைப் பற்றிய ஆறாம் பந்தியில் “பேத்திமார் இருவருக்கும் ஆளுக்குச் சமமாக” என்று இருக்கிறது. வயலைப் பற்றிய பந்தியில் ‘ஆளுக்கு’ இல்லை. ஒரே நாளில் ஒரே நொத்தாரிசு எழுதிய ஒரே ஆவணத்தில் ஓரிடத்தில் அந்தச் சொல் இருப்பதும் மற்றோரிடத்தில் இல்லாதிருப்பதும் நாளைக்கு ஒரு வழக்கின் மையமாகக்கூடும்: தலைக்கணக்கை நினைத்தபோது அதைச் சொல்லத் தெரிந்த மனிதர், வயலில் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் கேட்கும், நகையில் சொன்ன முறையைத்தான் வயலிலும் மனதில் வைத்திருந்தார் என்று மறுபக்கம் சொல்லும். இரண்டு வாதமும் உயிரோடு இருக்க வேண்டுமானால், நகைப் பந்தியில் ‘ஈச்’ வரவேண்டும், வயற் பந்தியில் வரக்கூடாது. மச்சான் இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலத் தொடரைப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும் பிள்ளைக்கு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று நீங்கள் சொல்லிக்கொடுப்பீர்கள். மரணசாதனத்தில் அது நேர்மாறு. மூலத்தில் ஒரே சொல் பத்து இடத்தில் வந்தால் ஆங்கிலத்திலும் பத்து இடத்தில் ஒரே சொல். மூலத்தில் சொல் மாறினால் ஆங்கிலத்திலும் மாறவேண்டும்.

வீட்டைப் பற்றிய நான்காம் பந்திக்கு வருகிறேன். இங்கே நிலைமை வேறு. தமிழ் கொஞ்சமும் திறந்திருக்கவில்லை. ஆங்கிலந்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. மூலத்தில் “என் மனைவி தன் சீவியபரியந்தம் இருந்து ஆண்டனுபவித்து, அவர் காலத்தின்பின் என் இளைய மகளைச் சேரவேண்டியது” என்று இருக்கிறது. அம்மாவுக்கு வீடு கிடைக்கவில்லை. சாகும்வரை அதில் இருந்து பலன் எடுக்கும் உரிமை மட்டும் கிடைக்கிறது. வீடு உங்களுடையது, அம்மாவின் காலம்வரை அந்தப் பாரத்தோடு. “மனைவிக்கும் பின்னர் மகளுக்கும்” என்ற ஆங்கிலத்தை வாசிக்கும் ஒருவர், முழு உரித்தும் அம்மாவுக்குப் போகிறது, அவர் விற்காமல் மிச்சம் விட்டால் மகளுக்கு என்று விளங்கிக்கொள்ள இடமுண்டு.

எங்கள் பழைய உறுதிகளில் ‘ஆண்டனுபவிக்க’ என்ற சொல் இரண்டு வேலை செய்வதே இந்தப் பிழைக்குக் காரணம். முழு உரித்தையும் கொடுக்கும்போதும் “என்றென்றைக்கும் ஆண்டனுபவித்துக்கொள்ளக் கடவர்” என்பார்கள். சீவிய உரித்தை மட்டும் கொடுக்கும்போதும் “சீவியபரியந்தம் ஆண்டனுபவித்து” என்பார்கள். பொருளைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் நிற்கும் காலச்சொல். ஆகவே ‘சீவியபரியந்தம்’ என்பதை ஆங்கிலத்தில் முதலில், அழுத்தமாக, ‘டியூரிங் ஹேர் லைஃப்டைம்’ என்று வைத்து, ‘காலத்தின்பின்’ என்பதை நேரடியாக மரணத்தின்பின் என்று எழுதவேண்டும். அதைச் சொல்லுக்குச் சொல்லாக மாற்றினால் ஆங்கிலக்காரருக்கு ஒன்றும் விளங்காது; இந்த ஓரிடத்தில் சொல்லை விட்டுப் பொருளைப் பிடிப்பதே நேர்மை, ஏனென்றால் ‘காலத்தின்பின்’ என்பதற்குத் தமிழில் வேறு பொருள் இல்லை. சில மரணசாதனங்களில் “விற்கவோ ஈடுவைக்கவோ அதிகாரமின்றி” என்று கூடுதலாக எழுதியிருப்பார்கள். உங்கள் அப்பாவின் ஆவணத்தில் அது இல்லை. அது உங்களுக்குப் பாதுகாப்பு என்று எண்ணி யாராவது ஆங்கிலத்தில் சேர்த்துவிட முனைந்தால் இடம் கொடுக்காதீர்கள்.

மருமகன் விடயம் எங்கள் உறவுமுறையே ஆங்கிலத்தோடு பொருந்தாத இடம். மகளின் கணவரும் மருமகன். ஓர் ஆணுக்குத் தன் சகோதரியின் மகனும் மருமகன். தன் சகோதரனின் மகன் பெறாமகன். ஆங்கிலம் சகோதரன் பிள்ளையையும் சகோதரி பிள்ளையையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, மகளின் கணவரை வேறொரு சொல்லில் வைக்கிறது. ‘பெறாமகன்’ என்பதைத் தத்துப்பிள்ளை என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்று ஒருமுறை என் மேசைக்குத் திருத்தத்துக்கு வந்தது. பெறாத மகன்தானே என்று அந்த இளைஞர் எண்ணியிருக்கிறார். தத்துப்பிள்ளை என்றால் பல நாட்டுச் சட்டங்களில் சொந்தப் பிள்ளைக்குச் சமம். ஓர் உழவு இயந்திரத்துக்கு மட்டும் உரியவராக இருந்தவர் அந்த ஒரு சொல்லால் முழுச் சொத்திலும் பங்குகேட்கும் நிலைக்கு வந்திருப்பார்.

உங்கள் அப்பா ஐந்தாம் பந்தியில் மருமகன் என்பதோடு நிறுத்தாமல் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதியிருக்கிறார். அதனால் தமிழில் யார் என்பதில் ஐயமே இல்லை. ஆங்கிலத்தில் மகளின் கணவர் என்று போட்டவுடன், பெயர் ஒருவரையும் உறவு இன்னொருவரையும் காட்டுகின்றன. இல்லாத முரண்பாடு ஒன்று பிறந்துவிடுகிறது. அக்காவின் கணவர் உயிரோடிருப்பதால், கனடாவில் அதை வாசிப்பவர் நிச்சயம் கேள்வி எழுப்புவார். இப்படியான இடத்தில் நான் ‘மருமகன்’ என்ற சொல்லையே ஆங்கில எழுத்துகளில் சாய்வெழுத்தாக வைத்துவிட்டு, இச்சொல் மகளின் கணவரையும் சகோதரியின் மகனையும் குறிக்கும் என்று அடியில் குறிப்பேன். அவர் அத்தையின் மகன் என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை. ஆனால் அது மரணசாதனத்தில் எழுதப்பட்ட உண்மை அல்ல. அதை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்களும் உங்கள் சத்தியக்கடதாசியும் இருக்கின்றன. அவை தனியாகப் போகட்டும்.

இரண்டாம் பந்தியை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அங்கேதான் மிகப் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. “தேடியதேட்டமாகிய நான்கு ஏக்கர் மேட்டுக்காணியில் எனக்குரித்தான அரைப்பங்கை” அண்ணாவுக்கு என்று அப்பா எழுதியிருக்கிறார். மச்சான் ‘என் காணியில் பாதி’ என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமணவுரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படியும் அதன் 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படியும், திருமண காலத்தில் தன் தனிச்சொத்திலிருந்து வராத பணத்தைக் கொடுத்து ஒருவர் தேடிய ஆதனமும், தனிச்சொத்திலிருந்து அக்காலத்தில் வந்த இலாபமும் தேடியதேட்டமாகும். அதைக் கணவருக்கும் மனைவிக்கும் பாதிபாதியாகக் கொள்வது தேசவழமையின் பழைய வழக்கம். அப்பா அதை அறிந்தே, நான்கு ஏக்கரில் தனக்குரிய இரண்டு ஏக்கரை முழுதாக மகனுக்குக் கொடுக்கிறார். அம்மாவின் இரண்டு ஏக்கரை அவர் தொடவில்லை. ‘என் காணி’ என்று ஆங்கிலத்தில் வந்தவுடன், வாசிப்பவர் இரண்டு விதமாகத் தவறலாம். நான்கு ஏக்கரும் அப்பாவுடையது, அதில் இரண்டு மகனுக்கு, மற்ற இரண்டும் எஞ்சிய சொத்தோடு சேரும் என்று கொண்டால், அம்மாவின் பாதி எல்லோருக்கும் பங்கு போடப்பட்டுவிடும். அப்பாவுக்கு உரியது இரண்டு ஏக்கர்தான் என்று அறிந்த ஒருவர், அதில் பாதி என்று கொண்டால், அண்ணாவுக்கு ஒரு ஏக்கர்தான் வரும். ‘எனக்குரித்தான’ என்ற அடைமொழி காணியில் ஏறக்கூடாது, அரைப்பங்கின்மேல் ஏறவேண்டும். எனக்குச் சொந்தமான அந்த அரைப்பங்கு என்ற வரிசையில் ஆங்கிலம் அமையவேண்டும். தேடியதேட்டம், முதுசம், சீதனம் என்ற மூன்று சொற்களையும் நான் ஒருபோதும் ஆங்கிலமாக்குவதில்லை. இலங்கைத் தீர்ப்புகளிலேயே அவை ஆங்கில எழுத்தில் அப்படியேதான் வருகின்றன. கூட்டுச்சொத்து என்றோ மணக்கொடை என்றோ எழுதினால், கனடாவில் இருப்பவர் தன் நாட்டுச் சட்டத்தின் பொருளை அதற்குள் கொண்டுவந்துவிடுவார்.

காணி அளவுகளையும் மாற்றவேண்டாம். இது என் சொந்தப் பிழையிலிருந்து சொல்வது. தொழிலுக்கு வந்த ஆரம்பத்தில், தென்மராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் மரணசாதனத்தில், 10 இலாச்சம் நெற்காணி என்று இருந்ததை வாசிப்பவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று 100 பேர்ச்சஸ் ஆக்கிவிட்டேன். இலாச்சத்துக்கு 18 குழி என்ற வரகுக் கணக்கில்தான் 16 இலாச்சம் ஓர் ஏக்கர், அதாவது இலாச்சம் ஒன்று 10 பேர்ச்சஸ். நெற்காணிக்கு இலாச்சம் 12 குழிதான். 24 இலாச்சம் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். நான் எழுதிய 100 பேர்ச்சஸ் உண்மையில் 67 பேர்ச்சஸுக்கும் கொஞ்சம் குறைவு. நில அளவையாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்காவிட்டால், இல்லாத 33 பேர்ச்சஸுக்காக இரண்டு சகோதரர்கள் முகம்கொடுத்துப் பேசாமல் போயிருப்பார்கள். உங்கள் ஆவணத்தில் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் மட்டுமே வருவதால் பயமில்லை. ஆயினும் மச்சான் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கும் சதுரமீற்றர்க் கணக்கை எடுத்துவிடுங்கள்.

ஏழாம் பந்தியில் வருகின்ற குளத்தடிக் காணியை அப்பா ‘அனுமதிப்பத்திரக் காணி’ என்று எழுதியிருக்கிறார், மச்சான் அதை உறுதிக்காணி ஆக்கிவிட்டார். வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளுக்கு 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்தாளர் என்ற தனியான ஏற்பாடு இருக்கிறது. ஆகவே அனுமதிப்பத்திரம் என்றே ஆங்கிலத்தில் வரட்டும், இலக்கத்தையும் விடக்கூடாது. அந்தக் காணிக்குப் பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டிருக்கிறார் என்பதைப் பிரதேச செயலகக் காணிக் கிளையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது மொழிபெயர்ப்போடு சம்பந்தப்படாத வேறு அலுவல்.

மச்சானின் ஆங்கிலம் சாட்சிகளின் கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் நொத்தாரிசின் அத்தாட்சி ஒரு பக்கம் இருக்கிறதே, அதைக் காணவில்லை. அது வெறும் சம்பிரதாயம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அந்தப் பக்கத்தில், “இரண்டாம் பக்கம் ஒன்பதாம் வரியில் ‘ஏழு’ என்பது வெட்டப்பட்டு ‘ஆறு’ என மேலெழுதப்பட்டது” என்று நொத்தாரிசு கையெழுத்திட்டிருக்கிறார். ஆறு ஏக்கர் என்ற அளவே அந்தத் திருத்தத்தில் நிற்கிறது. பிரதியில் வெட்டுத் தெரிகிறது. அத்தாட்சி இல்லாத ஆங்கிலத்தோடு அதைப் பார்ப்பவர், யாரோ பிறகு திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணுவார். வெட்டிய சொல்லையும் மேலெழுதிய சொல்லையும் உரிய இடத்தில் சதுர அடைப்புக்குள் காட்டி, அத்தாட்சியை முழுமையாக மொழிபெயர்த்து, முத்திரைகள், கையொப்பங்கள், பக்க இலக்கங்கள் இருக்குமிடங்களையும் குறிக்கவேண்டும்.

நீங்களே திருத்தி எழுதலாமா என்று கேட்டீர்கள். உங்கள் ஆங்கிலம் போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான்காம் பந்தியில் வீடு உங்களுக்கு வருகிறது. பங்கு பெறுகின்ற ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதில் உங்களுக்குச் சாதகமான ஒரு சொல்லை யாராவது சுட்டிக்காட்டினால் பதில் சொல்வது கடினம். குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம், வங்கியோ சட்டத்தரணியோ கேட்கும் சத்தியக்கடதாசியோடு சேர்த்துச் செய்விக்கவும். உங்கள் ஆங்கிலத்துக்கு வேறொரு வேலை வைத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வந்தவுடன், தமிழ் மூலத்தைப் பார்த்திராத, உங்கள் குடும்பத்தைத் தெரியாத, ஆங்கிலம் நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவரிடம் அதைக் கொடுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஒருவர் இருப்பார். யாருக்கு, எந்த ஆதனம், எவ்வளவு, எப்போதிருந்து, என்ன நிபந்தனையில் என்று ஒரு அட்டவணை எழுதித் தரும்படி கேளுங்கள். அதே அட்டவணையைத் தமிழ் மூலத்திலிருந்து நீங்கள் தனியாக எழுதிவையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் பிழை ஒளிந்துகொள்ள இடமிராது. வயல் வரியில் அந்த ஆசிரியர் “இது இரண்டாகவா நாலாகவா என்று தெரியவில்லை” என்று எழுதியிருந்தால் மொழிபெயர்ப்புச் சரி. தயங்காமல் ‘ஒன்றரை ஏக்கர்’ என்றோ ‘மூன்று ஏக்கர்’ என்றோ எழுதியிருந்தால், ஏதோ ஒரு சொல் மீண்டும் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வரியைத் திருப்பி அனுப்புங்கள். வீட்டு வரியில் மட்டும் அவர் சற்றும் தயங்கக்கூடாது.

மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது உங்கள் கையிலுள்ள நிழற்பிரதியைக் கொடுக்காமல், உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். பெயர்களை ஆங்கிலத்தில் எழுத, மரணசாதனத்தில் உள்ள ஒவ்வொருவருடைய பிறப்புச் சான்றிதழ் அல்லது கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் கொண்டுபோங்கள். அண்ணாவின் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயராக மாறியிருந்தால், மரணசாதனத்தில் உள்ள வரிசையை மாற்றாமல், கடவுச்சீட்டு வடிவத்தை அடிக்குறிப்பில் காட்டச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் மரணசாதன வழக்குத் தொடுக்கும்போது இந்த ஆங்கிலம் தேவைப்படாது. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் அங்கே மூலத்தையே வாசிப்பார்கள். அந்த வாசிப்புக்கும் கனடாவில் போய்ச் சேரும் ஆங்கிலத்துக்கும் இடையில் ஒரு சொல்லும் முரண்படக்கூடாது என்பதற்காகவும் இவ்வளவு சொன்னேன்.

கனடாச் சட்டத்தரணி வயல் பந்தியின் அடிக்குறிப்பைக் கண்டு, இதை நீக்கித் தெளிவாக ஒரு பொருளை எழுதித் தாருங்கள் என்று கேட்கக்கூடும். அப்போது மொழிபெயர்ப்பில் கைவைக்காமல், அண்ணாவும், அக்காவின் பிள்ளைகளும் அவர்களில் வயதுக்கு வராதவர்கள் சார்பில் உரியவர்களும் இங்குள்ள ஒரு சட்டத்தரணியைக் கலந்து, பகிர்வைப் பற்றிய தங்கள் இணக்கத்தைத் தனி ஆவணமாக எழுதி, மொழிபெயர்ப்போடு இணைத்து அனுப்புங்கள்.